"நோ ஸ்டேண்டிங் அரியர்ஸ்" – ஒரு மாணவியின் அப்பாவுக்கு இதைத் தமிழில் எப்படி எழுதிக் கொடுப்பது?

ஜெராக்ஸ் கடை – 21.08.2024, இரவு 9.40

பேருந்து நிலையத்துக்கு எதிரே நகல் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நகல் எடுத்து முடித்ததும் "இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்பார்கள். இன்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் ஒரு மாணவியின் தாய்மாமன். பெண் கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். சென்னையில் ஓர் அறக்கட்டளை அவளுக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் உதவித்தொகை ஒதுக்கியிருக்கிறது. கடிதம் நேற்று, 20-ஆம் தேதி, ஊர் முகவரிக்கு வந்திருக்கிறது.

அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பவர். "பெற்றோர்னு கையெழுத்துப் போடப் போறது நான். என்னத்துக்குப் போடறேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டார். ஆகவே முழுவதையும் தமிழில் எழுதிக் கேட்கிறார், சுருக்கம் வேண்டாமாம்.

நான் மாட்டிக்கொண்ட இடம் புதுப்பித்தல் பத்தி. சி.ஜி.பி.ஏ. 7.0-க்குக் குறையக் கூடாது, "நோ ஸ்டேண்டிங் அரியர்ஸ்" என்று இருக்கிறது. அரியர்ஸ் என்றால் அகராதியில் "நிலுவை". ஆனால் அந்தச் சொல்லைப் போட எனக்குக் கை வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?

சேலம் மாணவன் – 21.08.2024, இரவு 10.15

அக்கா, இது எங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. அரியர் என்றால் ஃபெயிலான பேப்பர். ஒரு பேப்பர் போனாலும் ஸ்காலர்ஷிப் காலி என்று அர்த்தம். "எந்தப் பாடத்திலும் தோற்கக் கூடாது" என்று எழுதிவிடுங்கள்.

பழைய ஹெட்கிளார்க் – 22.08.2024, காலை 6.20

தம்பி சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. நான் 30 வருஷத்துக்கு மேல் கல்லூரி அலுவலகத்தில் இருந்தவன், அதில் பெரும்பகுதி ஸ்காலர்ஷிப் சீட்டில். "ஸ்டேண்டிங் அரியர்" வேறு, "ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்" வேறு. நவம்பர் தேர்வில் கணக்குப் பாடம் போய், ஏப்ரலில் திரும்ப எழுதித் தேறிவிட்டால் ஸ்டேண்டிங் அரியர் கிடையாது. ஹிஸ்டரி மட்டும் இருக்கும். கேம்பஸ் நேர்காணலுக்கு வரும் சில கம்பெனிகள் ஹிஸ்டரியும் கூடாது என்பார்கள். உங்கள் கடிதத்தில் இருப்பது ஸ்டேண்டிங் மட்டும்தான்.

"எந்தப் பாடத்திலும் தோற்கக் கூடாது" என்று எழுதிக் கொடுத்தால், ஒரு பேப்பர் போன பெண் புதுப்பித்தலுக்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிடும். அப்படி விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜெராக்ஸ் கடை – 22.08.2024, காலை 7.05

சார் சொன்னதை வைத்து இப்படி எழுதியிருக்கிறேன்: "புதுப்பிக்கக் கேட்கும் நாளில், தோற்றுப்போய் இன்னும் திரும்ப எழுதித் தேறாத பாடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. முன்பு தோற்று, பிறகு தேறிய பாடம் இதில் சேராது." நீளம்தான், இருக்கட்டும். பக்கத்திலேயே "ஸ்டேண்டிங் அரியர்" என்ற சொல்லையும் விட்டுவைத்திருக்கிறேன். கல்லூரியில் அவள் காதில் விழப் போகிற சொல் அது.

நிலுவை என்று ஏன் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் வேறொரு பையனின் கடிதத்துக்கு நான்தான் "நிலுவை எதுவும் இருக்கக் கூடாது" என்று எழுதிக் கொடுத்தேன். அவன் அப்பா அதைப் பணநிலுவை என்று எடுத்துக்கொண்டார். கடன் வாங்கிப் பேருந்துக் கட்டணப் பாக்கியைக் கட்டிவிட்டு, நிபந்தனை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தார். பையனுக்கு இரண்டு பேப்பர் பாக்கி இருந்தது, வீட்டில் அதைச் சொல்லவில்லை. அடுத்த வருஷப் பணம் வரவில்லை. விசாரிக்க என் கடைக்கு வந்த அந்த மனிதர், நான் எழுதிய அதே காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அன்றிலிருந்து எந்தக் கடிதத்தையும் அகராதியை மட்டும் நம்பி மாற்றுவதில்லை.

அரூர் தகப்பன் – 22.08.2024, காலை 8.30

என் மகனுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க வேண்டும். மூத்த மகள் டிப்ளமோ முடித்திருக்கிறாள். கிடைக்குமா? இ-சேவை மையத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பழைய ஹெட்கிளார்க் – 22.08.2024, காலை 8.50

ஐயா, இங்கே பேச்சு வேறு கடிதத்தைப் பற்றி. இருந்தாலும் ஒன்று: அந்தச் சான்றிதழ் பட்டதாரி இல்லாத குடும்பத்துக்கு. டிப்ளமோ பட்டம் ஆகாது. தைரியமாக விண்ணப்பியுங்கள். மற்றதைத் தனி இழையில் கேளுங்கள்.

ஜெராக்ஸ் கடை – 22.08.2024, காலை 10.10

நேற்று மாமாவிடம் ஒரு தப்பு சொல்லிவிட்டேன், இப்போதுதான் பிடிபட்டது.

கடிதத்தில் "இந்தக் கடிதத் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள்" ஒப்புதல் படிவம் வந்து சேர வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே எல்லாம் கடிதத் தேதியில் நிற்கிறது. காகிதத்தை மூன்றாக மடித்திருக்கிறார்கள், மடிப்பு சரியாகத் தேதியின் மேல் விழுந்திருக்கிறது. படத்தில் அது 17.08.2024 மாதிரி தெரிந்தது. அதை வைத்து செப்டம்பர் 1 வரை நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி முழுக்க உறுத்தல். பெரிதாக்கிப் பார்த்தால் அந்த எண்ணின் அடிப்பகுதி மடிப்பு நிழலில் கரைந்துவிட்டது. 2 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். காலையில் கடை திறந்ததும் மாமாவிடம் கடித உறையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஸ்பீட் போஸ்ட் ஸ்டிக்கரில் பதிவு செய்த நாள் 13.08.2024. 13-ஆம் தேதி தபாலில் போட்ட கடிதத்தில் 17 இருக்க வழியில்லை. அது 12-தான். ஆக கடைசி நாள் ஆகஸ்ட் 27, செவ்வாய். அதாவது நான் சொன்னதைவிட ஐந்து நாள் முன்னால்!

உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த அந்த வீட்டுப் பாட்டிக்குத்தான் நன்றி. வந்த ரூபாயைப் பத்திரமாக வைக்கிற மாதிரி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாராம்.

இன்னொன்று. வந்த படம் ஒரே பக்கம்தான். அடியில் ஓரமாகப் பொடி எழுத்தில் "1 / 2" என்று இருந்தது. கேட்டால், "பின்னாடி என்னமோ அச்சடிச்சிருக்கு, அது சும்மா ஃபாரம்னு விட்டுட்டேன்" என்றார் மாமா. நிபந்தனைகளில் முக்கால்வாசி அந்தப் பின்பக்கத்தில்தான். இனி யாராவது படம் அனுப்பினால் முதலில் நான்கு மூலையும் தெரிகிறதா, பக்க எண் இருக்கிறதா, பின்பக்கம் வெறுமையா என்றுதான் கேட்கப் போகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அமுக்கி அனுப்புகிறது, பொடி எழுத்து மாவாகிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொன்னேன், தெளிவாக வந்தது.

பழைய ஹெட்கிளார்க் – 22.08.2024, காலை 11.00

நாள் கணக்கு சரியா என்று நானும் போட்டுப் பார்த்தேன். "தேதியிலிருந்து" என்றால் அந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவதுதான் அரசு வழக்கம். மத்தியச் சட்டங்களுக்கு 1897-ஆம் ஆண்டு ஜெனரல் கிளாஸஸ் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அதையே சொல்கிறது. அப்படி எண்ணினால் 27. ஆனால் தனியார் அறக்கட்டளைக்கு அந்தச் சட்டம் பொருந்தும் என்று வாதாடிக்கொண்டிருக்க முடியாது. 12-ஐயும் சேர்த்து எண்ணினால் 26. அந்தத் தேதியையே மனதில் வையுங்கள்.

26 திங்கள் கிருஷ்ண ஜெயந்தி, அரசு விடுமுறை. 24, 25 சனி ஞாயிறு. படிவத்தில் கல்லூரி முதல்வர் கையெழுத்து கேட்டிருக்கிறார்களா?

ஜெராக்ஸ் கடை – 22.08.2024, காலை 11.20

கேட்டிருக்கிறார்கள் சார். முதல்வர் மேலொப்பமும் முத்திரையும் வேண்டும். அப்படியானால் கையில் இருப்பது இன்றும் நாளையும்தான். பெண்ணுக்கு போன் செய்துவிட்டேன். படிவத்தை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன், அங்கே பிரிண்ட் எடுத்துக்கொள்வாள். அப்பா கையெழுத்துக்கு மூலப் படிவம் இங்கே இருக்கிறது, முதல்வர் அங்கே இருக்கிறார். என்ன செய்வது என்று அறக்கட்டளையையே கேட்கப் போகிறேன்.

சேலம் மாணவன் – 22.08.2024, மதியம் 1.30

அக்கா, கடிதம் வீட்டுக்கு வந்தது 20-ஆம் தேதி என்றீர்களே. கையில் கிடைத்த நாளிலிருந்துதானே 15 நாள்? அப்படித்தான் நியாயம்.

ஜெராக்ஸ் கடை – 22.08.2024, மதியம் 2.15

நியாயம் அதுதான் தம்பி, ஆனால் வாசகம் அப்படி இல்லை. "கிடைத்த நாளிலிருந்து" என்று எழுதியிருந்தால் செப்டம்பர் 4 வரை இருந்திருக்கும். "கடிதத் தேதியிலிருந்து" என்பதால் தபாலில் போன எட்டு நாளும் நம் கணக்கில்தான் கழியும். "வந்து சேர வேண்டும்" என்பதையும் பாருங்கள். மாமா அதை "27-க்குள் அனுப்பினால் போதும்" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். 27 மாலை தபாலில் போட்டிருப்பார்கள்.

அறக்கட்டளைக்கு போன் செய்தேன். பேசியவர் பொறுமையாகவே பேசினார். அப்பாவும் முதல்வரும் தனித்தனிப் பிரதியில் கையெழுத்துப் போட்டு, இரண்டையும் ஸ்கேன் செய்து 27-க்குள் மின்னஞ்சலில் அனுப்பினால் ஏற்போம், மூலப் பிரதிகள் பின்னால் வரட்டும் என்றார். போனில் சொன்னதை எப்படி நம்புவது? "தாங்கள் இன்று தொலைபேசியில் தெரிவித்தபடி" என்று ஆரம்பித்து அதே விஷயத்தை மாணவி பெயரில் ஒரு மின்னஞ்சலாக அனுப்ப வைத்தேன். மாலை "சரி" என்று ஒரு வரிப் பதில் வந்தால்கூடப் போதும்.

ஜெராக்ஸ் கடை – 23.08.2024, இரவு 8.30

பதில் வந்தது. முதல்வர் கையெழுத்தும் ஆயிற்று. போனஃபைடு சான்றிதழையும் அதே கையோடு வாங்கிவிட்டாள். "போனஃபைடு" என்பதை நான் தமிழாக்கவில்லை. பழைய ஏடு ஒன்றில் "நேர்மைச் சான்றிதழ்" என்று பார்த்திருக்கிறேன். அதை கல்லூரிக் கவுண்டரில் கேட்டால் நன்னடத்தைச் சான்றிதழை எடுத்துக் கொடுப்பார்கள். ஆகவே அப்பாவின் தாளில் "போனஃபைடு – இந்தப் பெண் இந்தக் கல்லூரியில் இந்த வகுப்பில் படிக்கிறாள் என்று கல்லூரி தரும் தாள்" என்று எழுதினேன்.

அப்பா இன்று கடைக்கு வந்து என் தமிழ்த் தாளை முழுவதும் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்து, "புதுப்பிக்கப்படலாம்னா? குடுப்பாங்களா, மாட்டாங்களா?" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் நானும் நிறைய நேரம் நின்றேன். "புதுப்பிக்கப்படும்" என்று எழுதினால் நான்காம் ஆண்டு வரை பணம் உறுதி என்று நம்பி வட்டிக்கு வாங்கிவிடுவார். மதிப்பெண்ணும் வருகையும் சரியாக இருந்தாலும் தருவதும் தராததும் அவர்கள் கையில் என்று கடிதம் சொல்கிறது. அதை அப்படியே சொன்னேன். முகம் வாடியது. ஆனாலும் "தெரிஞ்சு போடறது நல்லது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மின்னஞ்சல் 7.50-க்குப் போய்விட்டது.

பழைய ஹெட்கிளார்க் – 24.08.2024, காலை 6.40

நல்லது. பின்பக்கத்தில் வேறு உதவித்தொகை பற்றி ஏதாவது இருந்ததா? அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

ஜெராக்ஸ் கடை – 24.08.2024, காலை 9.15

இருக்கிறது. "அரசு அல்லது தனியார் எவரிடமிருந்தும் வேறு எந்த உதவித்தொகையும் பெறுபவராக இருக்கக் கூடாது, பெற்றால் உடனே தெரிவிக்க வேண்டும்." ஒரே வாக்கியத்தில் கூடாது என்றும், பெற்றால் தெரிவி என்றும் வருகிறது. அவளுக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது.

சேலம் மாணவன் – 24.08.2024, காலை 9.40

கட்டணச் சலுகை ஸ்காலர்ஷிப் ஆகாது அக்கா. கையில் பணம் வருவதில்லையே. புதுமைப் பெண்ணும் ஸ்காலர்ஷிப் என்ற பெயரில் வருவதில்லை. இரண்டையும் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

பழைய ஹெட்கிளார்க் – 24.08.2024, காலை 10.30

பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது தம்பி. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையில், வேறு திட்டப் பயன் பெறுபவர் தகுதியற்றவர் என்று சொல்லும்போது கட்டணச் சலுகையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். ஓர் இடத்தில் அப்படி, வேறொரு இடத்தில் வேறு மாதிரி. புதுமைப் பெண் திட்டம் தன் பக்கத்திலிருந்து தடை போடவில்லை, வேறு உதவித்தொகை வாங்கினாலும் அது கிடைக்கும். ஆனால் அறக்கட்டளை தன் பக்கத்தில் தடை போடலாமே.

சொல்லாமல் விடுவது மட்டும் வேண்டாம். பின்னால் தெரிந்தால் கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் வரி இந்த மாதிரிக் கடிதங்களில் பெரும்பாலும் இருக்கும். உங்கள் கடிதத்திலும் பாருங்கள்.

ஜெராக்ஸ் கடை – 24.08.2024, காலை 11.05

இருக்கிறது சார், கடைசிக்கு முந்தின வரி. "தவறான தகவல்" என்றால் முழுத் தொகையும் திரும்பத் தர வேண்டும்.

இந்த நிபந்தனைக்கு நான் விளக்கம் எழுதவில்லை. வாக்கியத்தை அப்படியே தமிழாக்கி, கீழே "இதில் கட்டணச் சலுகையும் புதுமைப் பெண் பணமும் சேருமா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. எழுத்தில் கேட்டிருக்கிறோம்" என்று போட்டேன். முதலில் எழுதிய வரைவில் "சேராது" என்று நானே முடிவு செய்து எழுதியிருந்தேன், அவர்களுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று. பிறகு அந்தப் பழைய தாள் ஞாபகம் வந்து அடித்துவிட்டேன். இரண்டையும் குறிப்பிட்டு மாணவி இன்று மின்னஞ்சல் அனுப்புகிறாள்.

ஜெராக்ஸ் கடை – 27.08.2024, மாலை 6.00

மூலப் படிவங்கள் இன்று காலை சென்னையில் சேர்ந்துவிட்டதாக ஸ்பீட் போஸ்ட் தடமறிதலில் தெரிகிறது. சேர்ந்த நேரத்தோடு அந்தப் பக்கத்தை நகல் எடுத்து உறையோடு சேர்த்து வைக்கச் சொன்னேன். பாட்டியிடம் சாமி படத்துக்குப் பின்னால் இன்னும் இடம் இருக்கிறதாம்.

ஜெராக்ஸ் கடை – 09.09.2024, இரவு 9.20

பதில் வந்தது. கட்டணச் சலுகைக்குத் தடை இல்லை, ஆனால் அது போக உண்மையில் கட்டிய தொகைக்குத்தான் உதவி, ரசீது வேண்டும். புதுமைப் பெண் பற்றி இந்த ஆண்டுக்கு ஆட்சேபம் இல்லை என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

ரசீது என்றதும் முன்பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 40,000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கிறது. அடியில் "அல்லது கட்டிய கட்டணம், எது குறைவோ அது". கண்ணில் பட்டும் இதை நான் அழுத்தி எழுதவில்லை. அப்பா 40,000 என்றே நினைத்திருக்கிறார். கல்விக் கட்டணமும் விடுதியும் சேர்த்து ரசீது 36,500-க்குத்தான் இருக்கிறது. ஆகவே வருவது 36,500. தாளைத் திருத்தி, அந்த வரியை முதல் வரியாக வைத்துப் புதிதாக அச்செடுத்துக் கொடுத்தேன். பழைய தாளை வாங்கிக் கிழித்துவிட்டேன், இரண்டு தாள் வீட்டில் இருந்தால் குழப்பம்.

சேலம் மாணவன் – 10.09.2024, காலை 7.30

என் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தேன் அக்கா. எனக்கும் நட்சத்திரக் குறி இருக்கிறது. ஒன்றரை வருஷமாகப் பார்க்கவே இல்லை.

ஜெராக்ஸ் கடை – 14.07.2025, இரவு 8.45

இழையை மறுபடி திறக்கிறேன். புதுப்பித்தல் வந்துவிட்டது. "ஈவன் செமஸ்டர் முடிவு வெளியான 30 நாட்களுக்குள்" மதிப்பெண் பட்டியல் அனுப்ப வேண்டும். சி.ஜி.பி.ஏ. 7.4, அது பிரச்சினை இல்லை. ஒரு பாடம் போயிருக்கிறது. மறுமதிப்பீட்டுக்குப் போட்டிருக்கிறாள், அதன் முடிவு 30 நாளுக்குள் வருமா என்று தெரியாது. "முடிவு" என்றால் முதலில் வந்ததா, மறுமதிப்பீட்டுக்குப் பிறகு வருவதா?

பழைய ஹெட்கிளார்க் – 15.07.2025, காலை 6.10

கடிதம் சொல்லாததை நாமும் சொல்ல முடியாது. மறுமதிப்பீட்டுக்காகக் காத்திருந்து கெடுவைத் தவற விடாதீர்கள். இப்போது உள்ள பட்டியலை முதல் முடிவுத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அனுப்புங்கள். மறுமதிப்பீட்டு விண்ணப்ப ரசீதையும் இணைத்து, முடிவு வந்ததும் அனுப்புகிறேன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஏற்பார்களா என்பது அவர்கள் பாடு.

ஜெராக்ஸ் கடை – 15.07.2025, மாலை 7.30

அப்படியே செய்தாயிற்று. இந்த முறை அப்பா நேராகக் கேட்டார்: "அந்த ஸ்டேண்டிங் அரியர்னு போட்டிருந்தீங்களே, இது அதுதானா?" ஆமாம் என்றேன். போன வருஷத் தாளை மகள் படிக்கட்டும் என்று விடுதிக்கு எடுத்துப் போய்க் கொடுத்திருக்கிறார். பாடம் போனதை அவள் வீட்டில் மறைக்கவில்லை. முடிவு வந்த அன்று முதல் போன் அவருக்குத்தான்.